வெளியிடும் முன் அந்த வரிசையைத் தேடிப் பாருங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

புற்றுநோய், மரபணு ஆய்விதழ்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழ்களுக்குச் சம்பளமில்லாமல் மதிப்பாய்வு செய்து தரும் பலரில் நானும் ஒருவன். செய்யாத ஆய்வைச் செய்ததாக எழுதி, ஆசிரியர் பெயருக்கு இடம் விட்டு விலைக்கு விற்கும் கட்டுரை ஆலைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவற்றின் சரக்கை மேசையிலேயே நிறுத்த உதவும் ஒரு சோதனை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாலான இதழ்கள் இன்னும் செய்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிட்னியைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வாளர் ஜெனிபர் பைர்ன் கண்ட விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். TPD52L2 என்பது அதிகம் பேர் சீண்டாத மனித மரபணு. அது சேர்ந்த குடும்பத்தை 1990களிலிருந்தே ஆராய்ந்து வந்தவர் அவர். 2015 வாக்கில் அந்த மரபணுவைப் பற்றிச் சீனாவிலிருந்து ஐந்து கட்டுரைகள் வெளிவந்திருப்பதைக் கவனித்தார். ஐந்தும் வேறு வேறு குழுக்கள் எழுதியவை, வேறு வேறு புற்றுநோய்களைப் பற்றியவை. ஆனால் வாக்கியங்களின் போக்கு, சோதனைகளின் வரிசை, படங்களின் அமைப்பு எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. மரபணுவை அடக்கினோம், புற்றுச்செல்களின் வளர்ச்சி குறைந்தது, ஆகவே இது சிகிச்சைக்கு நல்ல இலக்கு என்று ஐந்தும் ஒரே முடிவைச் சொல்லின.

பிறகு பிரான்சைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் சிரில் லாபேயுடன் சேர்ந்து வலையை அகலமாக வீசினார். மரபணுவின் பெயரும் புற்றுநோயின் பெயரும் மட்டும் மாறி, மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் 48 கட்டுரைகள் சிக்கின. 2017இல் இதை வெளியிட்டார்கள். முதல் ஐந்தில் இரண்டு அதற்குள்ளேயே திரும்பப் பெறப்பட்டிருந்தன. சோதனைகள் ஒரு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்திடம் வெளியே கொடுத்துச் செய்யப்பட்டவை என்று அதில் ஒன்றின் அறிவிப்பே சொன்னது.

ஆனால் எழுத்து ஒன்றுபோல இருப்பது மட்டும் சான்று ஆகாது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் பழைய கட்டுரையைப் பார்த்து அதே சட்டகத்தில் எழுதுவது வழக்கம்தான், அதில் குற்றமில்லை. இந்தக் கட்டுரைகளைக் காட்டிக்கொடுத்தது அவற்றில் அச்சிட்டிருந்த நியூக்ளியோடைடு வரிசை.

ஒரு மரபணுவை அடக்க, அதன் ஆர்என்ஏவோடு பொருந்தும் சுமார் 21 எழுத்து நீளமுள்ள துண்டைச் செல்லுக்குள் அனுப்புவார்கள். கூடவே, மனித மரபணு எதையும் தொடாத இன்னொரு துண்டை வேறு செல்களுக்குள் அனுப்பி ஒப்பிடுவார்கள். அதுதான் கன்ட்ரோல். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் கட்டுரையின் முழு ஆதாரமும். அந்த 48 கட்டுரைகளில் 30இல் கன்ட்ரோலாகச் சொல்லப்பட்ட துண்டு TPD52L2ஐக் குறிவைக்கும் துண்டு! TPD52L2ஐ அடக்கினால் செல் வளராது என்று முதல் ஐந்து கட்டுரைகள் சொல்கின்றன. அதே மரபணுவைத் தாக்கும் துண்டை உள்ளே விட்டும் செல்கள் இயல்பாக வளர்ந்ததாக இந்த 30 கட்டுரைகள் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. மதிப்பாய்வாளர்கள் இதைத் தாண்டிப் போனதற்குக் காரணம் எளிது. வழிமுறைப் பகுதியில் வரும் ஏ, சி, ஜி, டி எழுத்துகளை யாரும் நின்று படிப்பதில்லை.

இதைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். அடக்கும் துண்டு பெரும்பாலும் கொண்டையூசி வடிவத்தில் அச்சாகியிருக்கும்: முதலில் இலக்கு வரிசை, நடுவில் CTCGAG போன்ற வளையம், அடுத்து இலக்கின் எதிர் வரிசை, முடிவில் T எழுத்துகள். வளையத்துக்கு முன்னால் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்து, அமெரிக்காவின் என்சிபிஐ இலவசமாகத் தரும் blastn தேடலில் ஒட்டி, மனித ஆர்என்ஏக்களில் தேடச் சொல்லுங்கள். இலக்குத் துண்டு என்றால், கட்டுரை சொல்லும் மரபணு முழுப் பொருத்தத்தோடு மேலே வர வேண்டும். கன்ட்ரோல் என்றால் முழுப் பொருத்தம் எதுவும் வரக் கூடாது. பிசிஆர் பிரைமர்களையும் இதேபோல் பார்க்கலாம், முன் பிரைமரும் பின் பிரைமரும் ஒரே மரபணுவில் விழ வேண்டும்.

இந்தத் தேடலுக்கு எல்லைகள் உண்டு. ஒரு எழுத்து மாறியிருந்தால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், ஆசிரியரிடம் கேட்டால் திருத்தித் தருவார். எலியின் மரபணுவை மனிதத் தரவில் தேடிவிட்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. துண்டை விற்ற நிறுவனம் வரிசையை வெளியிடாமல் இருந்தால் தேடுவதற்கே வழியில்லை. நேர்மையான ஆய்வகத்திலும் பிழை வரும். ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டு மூன்று வரிசைகள் சம்பந்தமே இல்லாத மரபணுக்களைக் காட்டினால், அந்தச் சோதனை சொன்னபடி நடந்திருக்க முடியாது. பைர்ன் குழு 11,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சலித்து, குறைந்தது ஒரு தவறான வரிசையாவது கொண்ட 712 கட்டுரைகளை 2022இல் அடையாளம் காட்டியது. நம்மில் யாராவது முதலில் பார்த்திருந்தால் அவை அச்சேறியிருக்காது.

படங்களிலும் ஒரு தடயம் இருக்கிறது. 2020இல், ஆய்வுப் படங்களில் முறைகேடு தேடும் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் பெயர் சொல்ல விரும்பாத சில வாசகர்களும் 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒரே ஆலையின் சரக்காகக் கண்டுபிடித்தார்கள். புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படங்களில், பட்டைகள் ஒவ்வொன்றும் தலைப்பிரட்டை போல வழுவழுப்பாக, ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன. உண்மையான பிளாட்டில் கறை இருக்கும், கீறல் இருக்கும், பட்டைகள் பக்கத்துப் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு, ஊர் பேர் வேறான கட்டுரைகளில் பின்னணிப் புள்ளிகள் ஒரே மாதிரி இருந்தன. வெட்டாத முழு பிளாட்டைக் கேளுங்கள். உண்மையில் செய்தவரிடம் அது இருக்கும்.

சீன மருத்துவமனைகளில் காலை முதல் இரவு வரை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரிடம், ஆய்வகமும் நேரமும் தராமல், கட்டுரை இருந்தால்தான் பதவி உயர்வு என்று சொன்னதில் வளர்ந்த சந்தை இது. எனவே ஒரு நாட்டிலிருந்து வரும் கட்டுரைகளை மட்டும் சந்தேகப்படுவதை நான் ஏற்கவில்லை. சோதனை எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மதிப்பாய்வுக்கு அனுப்பும் முன்பே அலுவலகத்தில் ஒருவர் எல்லா வரிசைகளையும் தேடிப் பார்த்து, அந்த முடிவை எங்களுக்கு அனுப்பும் கட்டுரையோடு இணைக்கட்டும். முழு பிளாட்டுகளைச் சமர்ப்பிக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்புக்குச் சற்று முன்னால் புதிய ஆசிரியர் பெயர் சேர்ந்தால், அவர் எந்தச் சோதனையைச் செய்தார் என்று எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் விற்ற இடம் அதுவாகவும் இருக்கலாம். வெளியான கட்டுரையில் வரிசை தவறு என்று ஒரு வாசகர் எழுதினால், அந்த 21 எழுத்தை நீங்களே தேடிப் பார்க்க ஒரு நாள்கூடத் தேவையில்லை. விசாரணை முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், சந்தேகக் குறிப்பை அந்த வாரமே கட்டுரையின் தலையில் போடுங்கள். அந்த மரபணுவை நம்பி அடுத்த சோதனைக்குப் பணம் கட்டப்போகும் ஆய்வு மாணவர் அதைப் பார்த்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மதிப்பாய்வாளர்களில் ஒருவன்