வளைவுக்கு முன்பே முக்கோணம் வைத்த லாரி ஓட்டுநருக்கு நன்றி

நெடுஞ்சாலையில் ஒரு வளைவைத் தாண்டியதும் எங்கள் கார் நின்றுவிட்டது. இருட்டும் நேரம், பின்னிருக்கையில் அம்மாவும் குழந்தைகளும். கேட்காமலேயே லாரியைத் தூரத்தில் ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தீர்கள், அண்ணா.

முதலில் ஆட்களை இறக்கினீர்கள். வண்டிகள் விரையும் பக்கத்துக் கதவைத் திறக்கவே விடவில்லை. எல்லோரும் மறுபக்கமாக இறங்கினோம். அம்மாவின் கையைப் பிடித்துத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் அழைத்துச் சென்றீர்கள். காருக்கு முன்னால் நிற்காதீர்கள், பின்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள் என்றீர்கள். பின்னால் வரும் வண்டி மோதினால் கார் முன்னோக்கித்தானே பாயும்! அந்தப் பதற்றத்தில் இதை யார் யோசிப்பார்கள்?

பிறகு எச்சரிக்கை முக்கோணத்தை விரித்து, முன்னே பிடித்தபடி, வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே தடுப்புக்கு வெளியே நடந்தீர்கள். 50 மீட்டரில் வைத்திருந்தால் அது வளைவுக்குள் மறைந்திருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கும். அந்த 50 மீட்டருக்கு இரண்டு நொடிகூட ஆகாது. அதற்குள் எவராலும் நிறுத்த முடியாது. நீங்கள் வளைவு தொடங்குவதற்கும் முன்பே, நேர்சாலையில் வைத்தீர்கள். அடுத்து வந்த பஸ் வளைவில் தென்படும்போதே வேகம் குறைந்து, தடம் மாறி வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இழுவை வண்டி வரும்வரை உடனிருந்தீர்கள். பெயர் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். இந்தப் பதிவைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், அண்ணா. அம்மா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார்.