முந்தாநாளைக் கொச்சை என்று ஒதுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் மொழிப் பகுதியில், ‘முந்தாநாள் என்பது கொச்சை, நேற்றைக்கு முந்தைய நாள் என்றே எழுத வேண்டும்’ என்று படித்தேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு இன்று புழங்கும் ஒற்றைச் சொல் கிடையாது. அவர்கள் நாலு சொல்லைக் கோத்துச் சொல்வதை நாமும் ஏன் கோக்க வேண்டும்? ‘முந்தைய நாள்’ எந்த நாளுக்கும் முந்தையதாக இருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தைய நாள் என்போம், தேர்தலுக்கு முந்தைய நாள் என்போம். முந்தாநாள் அப்படியல்ல. பேசுகிறவரின் இன்றிலிருந்து பின்னால் எண்ணினால் இரண்டாம் நாள்தான், வேறொன்றுமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலும் இருக்கிற சொல் இது. இந்தியில் ‘பர்ஸோன்’ என்ற ஒரே சொல் முந்தாநாளுக்கும் வரும், நாளை மறுநாளுக்கும் வரும். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. அதைக் கொச்சை என்கிறீர்கள். என் பேத்தி பரீட்சையில் முந்தாநாள் என்று எழுதி அரை மதிப்பெண் இழந்தாள். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் பார்த்துத்தானே ஆசிரியைகளும் அடிக்கிறார்கள்?

முன்னால் எண்ணுவதிலும் இதே கதைதான். நாங்கள் ‘நாளான்னைக்கு’ என்போம். அச்சில் அதற்கு இடமில்லை, ‘நாளை மறுநாள்’தான். சரி, அதையாவது ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் பாளையங்கோட்டையில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். போன சித்திரையில் ஒரு புதன்கிழமை, ‘நாளை மறுநாள் மின்தடை, காலை 9 முதல் 2 வரை’ என்று உங்கள் பத்திரிகையில் வந்தது. வெள்ளிக்கிழமை என்று எண்ணிக்கொண்டு, வியாழன் விடியற்காலை 5 மணிக்கு 20 கிலோ அரிசியும் 5 கிலோ உளுந்தும் ஊறப்போட்டேன். 9 மணிக்குக் கிரைண்டரைப் போடப் போனால் கரண்ட் இல்லை. செய்தியை எழுதியவர் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருடைய நாளை மறுநாள் வியாழன், படித்த எனக்கு வெள்ளி. 2 மணிக்குக் கரண்ட் வந்தபோது அந்த வெயிலில் உளுந்து வழவழத்து வாடை அடித்தது. அத்தனையையும் கொட்டினேன். அப்போதே ஒரு கடிதம் போட்டேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை.

வாயால் சொல்லும்போது இந்தச் சொற்கள் பிசகுவதில்லை; சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இன்று ஒன்றுதான். ராத்திரி எழுதி விடிந்த பிறகு படிக்கும் தாளில்தான் அந்த இன்று இரண்டாகிறது. இது பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மின்தடை, குடிநீர் அறிவிப்புகளில் தேதியையும் கிழமையையும் போடுங்கள். வாசகர் கடிதங்களில் முந்தாநாள் என்று வந்தால் அதைத் திருத்தாமல் விடுங்கள், இந்தக் கடிதம் உட்பட.

இப்படிக்கு,
மாவுக்கடைக்காரி,
பாளையங்கோட்டை