பத்து பேர், நாலு பெட்டி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய டிக்கெட் மூன்றும் வந்து சேர்ந்தன. பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பதிவு திறக்கும் 60-வது நாளன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து எல்லாருக்கும் உறுதியான இடம் வாங்கிவிட்டாய். தூத்துக்குடி வண்டியில் அதுவே பெரிய காரியம். திருச்செந்தூரில் பாப்பாவுக்கு மொட்டை போடும் பேச்சு வந்ததிலிருந்து பெரியம்மா எல்லாரிடமும் உன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இடங்கள் நாலு பெட்டியில் விழுந்திருக்கின்றன. அதை நினைத்து இரண்டு ராத்திரியாக எனக்குத் தூக்கம் சரியில்லை. எனக்கும் அம்மாவுக்கும் எஸ் 2-ல் 17, 20. ஆறு பேர் டிக்கெட்டில் பெரியம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை, பேரன் நாலு பேருக்கும் எஸ் 5-ல் 26, 27, 29, 30. அதே டிக்கெட்டில் மருமகளுக்கும் பேத்திக்கும் எஸ் 6-ல் 7, 8. நீ மட்டும் தனி டிக்கெட்டில் எஸ் 8-ல் 41. கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, தங்கச்சி மடிதான்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது என்று எனக்குத் தெரியும். மூத்தவர்களுக்கான லோயர் பெர்த் கோட்டா ஒருவரோ இருவரோ தனியாகப் போட்டால்தான் கிடைக்கும், அதனால் எங்களைப் பிரித்தாய் என்பதும் தெரியும். சரியாகத்தான் செய்திருக்கிறாய். ஏழாவது ஆள் ஒருவர் தனியாகப் போகத்தான் வேண்டும். அது நீயாக இருந்திருக்க வேண்டாமோ என்று மட்டும் தோன்றியது. மாப்பிள்ளையைக் கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். போகட்டும். இன்னொரு தடவை போடும்போது இரண்டாவது டிக்கெட்டில் முதல் டிக்கெட்டின் பெட்டி எண்ணை விருப்பப் பெட்டி என்று கொடு. கட்டாயம் கிடைக்கும் என்றில்லை, கேட்காமல் விட்டால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடும். நீ இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன், அன்றைக்கு ஏதோ யோசனையில் இருந்திருப்பாய்.

இப்போது ஏறும் விஷயத்துக்கு வருகிறேன். தர்மபுரியில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும், அதுவும் நள்ளிரவு நெருங்கும் நேரம். நாலு பெட்டி என்பதால் நாலு கூட்டமாகப் பிரிந்து நிற்கலாம் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அது கூடவே கூடாது. பாயிண்ட்ஸ்மேனாக இருந்த காலத்தில் இந்தப் பாதையில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தேன். தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏறத் தெரியாதவர்கள் இல்லை. தன் பெட்டியைத் தேடி ஓடியவர்கள், இல்லையென்றால் மற்றவர்கள் ஏறினார்களா என்று பார்க்க மறுபடி கீழே இறங்கியவர்கள். ஸ்லீப்பர் பெட்டிகள் ஒன்றோடொன்று உள்ளே சேர்ந்திருக்கின்றன. எந்த ஸ்லீப்பரில் ஏறினாலும் வண்டி நகர்ந்த பிறகு நடந்து போகலாம். அதனால் பத்து பேரும் இரண்டே இடத்தில் ஏற வேண்டும்.

முதல் இடம் எஸ் 2. அங்கே நான், அம்மா, பெரியம்மா. பெரியம்மாவின் இடம் எஸ் 5-ல் 29, அது மிடில். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள் மிடிலில் ஏறுவது நடக்காத காரியம். ஆடும் வண்டியில் பெட்டிக்குப் பெட்டி நடத்திக் கூட்டிப் போகவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அவள் நேரே எஸ் 2-ல் ஏறி என் 20-ம் நம்பர் லோயரில் படுத்துக்கொள்ளட்டும். எதிரே 17-ல் அம்மா. இருவரையும் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே நடந்து எஸ் 5-க்கு வந்து 29-ல் உட்காருகிறேன்.

இரண்டாவது இடம் எஸ் 5-ம் எஸ் 6-ம் சேரும் இடம். அங்கே மாப்பிள்ளை, தங்கச்சி, கைக்குழந்தை, பேரன், மருமகள், பேத்தி, நீ. உன் எஸ் 8 வாசலில் போய் நிற்காதே. மறுபடியும் சொல்கிறேன், எஸ் 8-க்குப் போகாதே. உன் கையில் பேத்தியின் கை இருக்க வேண்டும், மாப்பிள்ளை கையில் பேரனின் கை. "குழந்தைகளைப் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கு ஆள் அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். முதலில் மாப்பிள்ளை ஏறட்டும். அப்புறம் இரண்டு பிள்ளைகளையும் நீ கீழேயிருந்து தூக்கிக் கொடு, அவர் வாங்கிக்கொள்வார். பிறகு தங்கச்சி குழந்தையோடு, பிறகு மருமகள். பைகளை அதற்கப்புறம் ஏற்றிவிட்டு, நீ கடைசியில் ஏறு. பை நின்றுபோனால் போகட்டும். பையை முதலில் ஏற்றிவிட்டுப் பிள்ளைக்குத் திரும்பும்போது வண்டி கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். ஒரு தடவை பலமாகத் தட்டு. திறக்கவில்லை என்றால் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருக்காதே, உடனே அடுத்த கதவுக்கு எல்லாரும் சேர்ந்தே போங்கள். பெட்டிகள் சேரும் இடத்தில் நிற்கச் சொல்வதே அதற்காகத்தான். ஒரு கதவு எஸ் 5-ன் கடைசி, கொஞ்சம் தள்ளி இன்னொரு கதவு எஸ் 6-ன் ஆரம்பம்.

பிளாட்பாரத்தில் அந்த இடம் எங்கே வரும் என்பதைப் போன தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்யாதே. பெட்டி வரிசை மாறும். அன்றைக்குச் சாயங்காலம் என்டிஇஎஸ் ஆப்பில் வரிசையைப் பார். நான் ஸ்டேஷனிலும் கேட்டு வைக்கிறேன். எஸ் 2-க்கும் எஸ் 8-க்கும் நடுவில் ஏசி பெட்டி ஏதாவது புகுந்திருக்கிறதா என்று கவனி. அப்படி இருந்தால் இடையில் கதவு மூடியிருக்கலாம், அப்போது நான் சொன்ன ஏற்பாட்டை மாற்ற வேண்டும். சார்ட் வந்ததும் மூன்று பிஎன்ஆரையும் இன்னொரு தடவை பார்த்துவிடு. அப்கிரேடில் யாரையாவது வேறு பெட்டிக்கு மாற்றியிருப்பான்.

ஏறிய பிறகு யாரும் எதற்கும் கீழே இறங்கக் கூடாது. நான் எஸ் 2-லிருந்து உனக்குப் போன் செய்து "மூன்று" என்பேன், நீ "ஏழு" என்று சொல். அவ்வளவு போதும். பெரியவர் யாராவது நின்றுபோனால் அவர் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போகட்டும், நாம் சேலத்துக்குள் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பிள்ளை நின்றுபோனால் யோசிக்காமல் சங்கிலியை இழு. காரணம் இல்லாமல் இழுத்தால்தான் குற்றம், இதற்காகத்தான் அது அங்கே தொங்குகிறது.

அடுத்தது டிடிஆர். அவர் வரும்போது நம் ஒன்பது பெர்த்திலும் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எஸ் 2-க்கும் எஸ் 5-க்கும் வேறு வேறு டிடிஆர் வரலாம். பெரியம்மா எஸ் 2-ல் இருக்கிறாள் என்பது எஸ் 5-க்காரருக்குத் தெரியாது. 29 காலியாக இருந்தால் வரவில்லை என்று குறித்துக்கொண்டு ஆர்ஏசி-யில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார், அதில் அவர் தப்பும் இல்லை. அதனால்தான் நான் அங்கே உட்காருகிறேன். எல்லாருக்கும் டிக்கெட் இருக்கிறது, குடும்பத்துக்குள் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நேராகச் சொன்னால் போதும்.

அடையாள அட்டையும் இதில் சேர்த்தி. ஒரு டிக்கெட்டில் ஒருவராவது அசல் அட்டை காட்ட வேண்டும். எங்கள் டிக்கெட்டும் ஆதாரும் அம்மாவிடம் இருக்கும். ஆறு பேர் டிக்கெட் இரண்டு பெட்டியில் விழுந்திருப்பதால் மாப்பிள்ளை, மருமகள் இரண்டு பேரும் அதைப் போனிலும், அவரவர் ஆதாரைக் கையிலும் வைத்திருக்க வேண்டும். உன் டிக்கெட்டில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அங்கே நான் போய் உட்கார்ந்தால் செல்லாது. ஏறியதும் உள்ளேயே நடந்து 41-க்கு நீ போய்த்தான் ஆக வேண்டும், டிடிஆர் பார்க்கும் வரை அங்கேதான் இருக்க வேண்டும்.

அதுவரைக்கும்தான். எஸ் 5, எஸ் 8 இரண்டு பெட்டியிலும் டிடிஆர் பார்த்து முடித்ததும் நீ எஸ் 5-க்கு வந்துவிடு, நான் உன் 41-க்குப் போகிறேன். அது லோயர், எனக்கு வசதி. தனியாகப் படுப்பது எனக்குப் பழக்கம், ராத்திரி டூட்டி பார்த்த உடம்பு. தங்கச்சி கைக்குழந்தையோடு எஸ் 6-ல் சைடு லோயர் 7-ல் படுக்கட்டும், மேலே 8-ல் மாப்பிள்ளை. எஸ் 5-ல் 26-ம் 29-ம் மிடில், பேரனும் பேத்தியும் எதிரெதிரே படுத்துப் பேசிக்கொண்டே தூங்கிவிடுவார்கள். 27-ம் 30-ம் எதிரெதிர் அப்பர். அது உனக்கும் மருமகளுக்கும். நான் இதைத் தாளில் படம் போட்டுப் பார்த்துவிட்டேன், வேறு எப்படி மாற்றினாலும் இவ்வளவு சரியாக வரவில்லை.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தங்கச்சி வீட்டார் மத்தியானமே பஸ்ஸில் வந்துவிடுவார்கள். நீங்கள் சென்னையிலிருந்து முந்தின நாளே மொரப்பூரில் இறங்கி பஸ் பிடித்துவிடுங்கள், நான் இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். மூன்று பேரும் சேர்ந்தே வாருங்கள். நீ தனியாக ஆபீஸ் முடித்து ராத்திரி வருகிறேன் என்று போன பொங்கலுக்குச் சொன்னது போல இந்தத் தடவை சொல்லாதே. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மருமகள் வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். எல்லாம் பேசுகிறாள். உன்னைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். நீயும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாய். நான் எதையும் கேட்கப் போவதில்லை.

யார் எங்கே ஏறுவது, யார் எந்தப் பெர்த்தில் உட்காருவது, எந்த டிக்கெட் யார் போனில் என்பது மருமகளுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அம்மா மூலமாகச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவளிடம் நீயே உட்கார்ந்து சொல். எஸ் 5 எதிரெதிர் அப்பர் அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா