செல்விக்கு, அப்பாவின் கோபத்தைப் பற்றி

அன்புள்ள செல்வி,

நீ அனுப்பிய மரபணு ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கூடவே எழுதியிருந்தாயே, "கை ஆடுறதுக்கு மாத்திரை குடுத்துட்டாங்க மாமா, ஆனா அப்பா ஏன் இப்படி ஆயிட்டார்னு யாருமே சொல்லலை" என்று, அதையும் படித்தேன். நரம்பியல் டாக்டராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைப் பல வீட்டுப் பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உன் சம்மதத்தோடு, பெயரை மாற்றி, பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம். நாற்பத்தாறு வயதில் அப்பா கடைக் கணக்கில் தப்பு விட ஆரம்பித்தார். அடுத்து, ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்தார். பிறகு குளிக்கச் சொன்னாலும் எழுந்திருக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தே இருந்தார். அம்மா இதைச் சோம்பேறித்தனம் என்றார்கள், சித்தப்பா குடி என்றார். விரல்கள் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன என்று நீ கவனித்தது இதற்கெல்லாம் நாலு வருஷம் கழித்து. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனீர்கள், ஹன்டிங்டன் நோய் என்று பெயர் தெரிந்தது. ஆனால் நோய் விரலில் தொடங்கவில்லை. கணக்கில் விழுந்த தப்பும் தட்டு பறந்ததும் அதே நோய்தான், முன்னாலேயே வந்துவிட்டது. நிறைய பேருக்கு இப்படித்தான், உடம்பு ஆடுவதற்குப் பல வருஷம் முன்பே மனசும் யோசனையும் மாறத் தொடங்கிவிடும்.

காரணம் மூளையின் நடுவில் ஆழத்தில் இருக்கிற ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி. இந்த நோயில் முதலில் சாகிற செல்கள் அங்கேதான் இருக்கின்றன. மூளையின் முன்பகுதியிலிருந்து கிளம்புகிற பல பாதைகள் அதன் வழியாகப் போய் மறுபடி முன்பகுதிக்கே திரும்புகின்றன. உடம்பை அசைக்கிற பாதை ஒன்று. திட்டம் போடவும், ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறவும் உதவுகிற பாதை ஒன்று. ஆர்வத்தையும் கோபத்தையும் கட்டுக்குள் வைக்கிற பாதை இன்னொன்று. செல்கள் குறையக் குறைய மூன்று பாதைகளும் கெடுகின்றன, ஒரே வேகத்தில் இல்லை, ஒரே வரிசையிலும் இல்லை. எது முதலில் கெடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இது இன்று நேற்று தெரிந்த சேதியும் இல்லை. 1872இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் டாக்டர் இந்த நோயை விவரித்து எழுதியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் அவருடைய அப்பாவும் தாத்தாவும் டாக்டர்கள். ஒரே குடும்பங்களின் மூன்று தலைமுறை நோயாளிகளை அந்த வீட்டு டாக்டர்கள் பார்த்திருந்தார்கள். இது பரம்பரையாக வருகிறது, வளர்ந்த பிறகே முற்றுகிறது, மனநிலை பிறழ்வும் தற்கொலையும் கூடவே வருகின்றன என்று மூன்று விஷயங்களை அவர் தனியாக எடுத்துச் சொன்னார். மூன்றில் ஒன்று மனசைப் பற்றியது. அப்படியிருந்தும் இன்றுவரை வெளியே தெரிகிற ஆட்டத்துக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது நடக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

சித்தப்பா சொன்ன குடிப் பழிக்கும் பழைய சரித்திரம் உண்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரிக்கு இதே நோய். குடிநோய் என்றார்கள், மனச்சிதைவு என்றார்கள், சரியான பெயர் 1952இல்தான் கிடைத்தது. 1967இல் 55 வயதில் இறந்தார். அவருடைய அம்மாவும் இதே நோயோடு மனநல மருத்துவமனையில்தான் இறந்தார். உன் தாத்தாவைப் பற்றி ஊரில் "குடிச்சுக் குடிச்சே நரம்பு போச்சு" என்று பேசியதாக எழுதியிருந்தாய். இப்போது அந்தப் பேச்சை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பார்க்கின்சன் நடுக்கத்தில் ஒரு தாளம் இருக்கும், இதில் இருக்காது. விரலில் தொடங்கும், அடுத்து தோளுக்கு ஏறும், அப்புறம் புருவத்தில் வரும். அடுத்தது எங்கே என்று சொல்ல முடியாது. தூங்கும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். அப்பா அடிக்கடி தலையைக் கோதுகிறார் என்று சொன்னாயே, தானாக எழுந்த கையை ஒரு வேலையாக மாற்றிவிடுகிற பழக்கம் அது. அவருடைய கையைப் பிடித்து, "என் விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருங்கப்பா" என்று சொல்லிப் பார். பிடி இறுகும், தளரும், மறுபடி இறுகும். நாக்கை நீட்டச் சொன்னாலும் பத்து விநாடி நிற்காமல் உள்ளே போய்விடும். ஒரு செயலைத் தொடங்க முடிகிறது, நிறுத்தி வைக்க முடியவில்லை. டம்ளர் நழுவி விழுவது இதனால்தான். வருஷங்கள் போகப் போக ஆட்டம் தானாகவே குறைந்து உடம்பு விறைக்க ஆரம்பிக்கும். அதைக் குணமாகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

"நான் எங்கே ஆடறேன்?" என்று அப்பா கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்ததாமே. அவர் பொய் சொல்லவில்லை. தன் உடம்பு அசைவது தனக்கே தெரியாமல் போவதும், தான் மாறிவிட்டது தெரியாமல் போவதும் இந்த நோயின் அறிகுறிகள். வீடியோ எடுத்துக் காட்டி ஒத்துக்கொள்ள வைக்கிற வேலை வேண்டாம். சண்டைதான் மிஞ்சும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு மறதி என்று நீ நினைக்கிறாய். நேற்று யார் வந்தார்கள் என்று கேட்டால் முழிப்பார். "வந்தது மாமாவா, பக்கத்து வீட்டுக்காரரா?" என்று கேட்டுப் பார், சரியாகச் சொல்லிவிடுவார். நினைவு உள்ளே இருக்கிறது, தேடி எடுக்கிற வேலைதான் நடக்கவில்லை. கடைக் கணக்கில் நடந்ததும் அதேதான். கூட்டத் தெரியும், ஆனால் போன் அடிக்கும்போது விட்ட இடத்தை ஞாபகம் வைத்து மறுபடி அங்கே வர முடியாது.

அதனால் "சாப்பிட என்ன வேணும்?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூளை முழுப் பட்டியலையும் தானே உருவாக்க வேண்டும். அது முடியாதபோதுதான் எரிச்சல் வருகிறது. "இட்லியா, தோசையா?" என்று கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. அரை நிமிஷம்கூட ஆகலாம். பதில் வருவதற்குள் நீ இன்னொரு கேள்வி கேட்டால் முதல் கேள்வியும் போய்விடும். தட்டு பறந்த நாளைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வழக்கமாக எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவரை, விருந்தாளி வந்ததால் ஒன்பது வரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அது அவருக்குச் சின்ன மாற்றம் இல்லை. அவர் மனசு எட்டு மணியிலேயே மாட்டிக்கொண்டு நின்றிருக்கும். எதிரில் இருக்கிறவர் முகத்தில் தெரிகிற கோபத்தைப் படிக்கிற திறனும் இந்த நோயில் குறைகிறது, அதனால் அம்மா முகம் சுளித்தது அவருக்குத் தடையாக இருந்திருக்காது. நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டுங்கள். கோபம் வந்துவிட்டால் வாதாடாமல் கொஞ்ச நேரம் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

டிவி முன்னால் உட்கார்ந்தே இருப்பது இதிலிருந்து வேறு. தொடங்குகிற உந்துதல் செத்துப்போவது அது. "குளிங்கப்பா" என்றால் வேலைக்காகாது. துண்டைக் கையில் கொடுத்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவைத்து, கூட எழுந்து நடந்தால் போவார். போனபிறகு குளித்துவிடுவார். உந்துதல் போனவருக்குப் பெரிய வருத்தம் இருக்காது. ஆனால் அவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தாலோ, தன்னால் எல்லாருக்கும் பாரம் என்று சொன்னாலோ, பிடித்த பாட்டைக்கூட அணைக்கச் சொன்னாலோ அது மனச்சோர்வு. அதற்கு மருந்து உண்டு, கேட்கவும் செய்யும். இரண்டும் ஒன்றாகவே இருக்கவும் முடியும்.

இங்கே கவனமாக இரு. தற்கொலை எண்ணம் இந்த நோயில் சாதாரண ஜனங்களைவிட அதிகம். நோய்க்குப் பெயர் தெரியப்போகிற நாட்களிலும், வண்டி ஓட்டுவது, வேலைக்குப் போவது மாதிரி ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிற நாட்களிலும் கூடும். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைகளை எடுத்துப் பூட்டுங்கள், அன்றைக்கே மனநல டாக்டரைப் பாருங்கள். ராத்திரி என்றாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். அவருக்குக் கொடுத்திருக்கிற டெட்ராபெனசின் ஆட்டத்தைக் குறைக்கும், ஆனால் மனச்சோர்வைக் கூட்டக் கூடிய மருந்து. ஆட்டம் அவருக்குத் தொந்தரவாக இருக்கிறதா, பார்க்கிற நமக்குத்தான் சங்கடமா என்று முதலில் யோசித்திருக்க வேண்டும். மாத்திரை தொடங்கிய தேதியையும், அதற்குப் பிறகு தூக்கம், பேச்சு, சோர்வு எப்படி இருந்தன என்பதையும் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு. மருந்தை நீயாகச் சட்டென்று நிறுத்தாதே.

ரிப்போர்ட்டில் 17, 43 என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவே, அவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான்காவது குரோமோசோமில் ஹன்டிங்டின் என்ற மரபணு இருக்கிறது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை வருகிறது என்பதுதான் அந்த எண். 1993இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. 26 வரை சாதாரணம். 40 அல்லது அதற்கு மேல் போனால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. நீளம் கூடக் கூட நோய் சீக்கிரம் தொடங்கும் என்பது மொத்தத்தில் உண்மைதான், ஆனால் ஒரே எண் உள்ள இரண்டு பேருக்கு நோய் தொடங்கும் வயதில் பத்து வருஷத்துக்கு மேலும் வித்தியாசம் இருக்கலாம். அதனால் 43ஐ வைத்துத் தேதி குறிக்க முடியாது.

அப்பாவுக்கு இரண்டு பிரதிகள். தாத்தாவிடமிருந்து வந்தது 43, பாட்டியிடமிருந்து வந்தது 17. உனக்கு வந்தது இரண்டில் ஒன்றுதான். 17 வந்திருந்தால் உனக்கு நோய் வராது, உன் பிள்ளைகளுக்கும் போகாது. பெரிய பிரதி வந்திருந்தால், அப்பா வழியாக வருவதால் சில சமயம் நீளம் கூடியும் வரலாம், விந்தணு உருவாகும்போது அந்த இடம் அப்படி நீளக்கூடியது. உனக்கும் தம்பிக்கும் வாய்ப்பு தனித்தனியாகப் பாதி. உனக்கு இருந்தால் அவனுக்கு இருக்காது என்பதெல்லாம் இல்லை.

நீ பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டாய். அதை நான் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லக் கூடாது. நோயை நிறுத்துகிற மருந்து இன்னும் இல்லாதபோது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் உன் உரிமை. தெரிந்துகொள்ள விரும்பினால் மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, நாள் எடுத்து யோசித்துவிட்டு, ரிசல்ட்டை நேரில் வாங்கு. கூட நம்பிக்கையான ஒருவர் இருக்கட்டும். மெயிலில் வாங்காதே. குழந்தை பெறுவதைப் பற்றி யோசித்தால், அதற்கு முன்பே அந்த ஆலோசகரிடம் கேட்டால் வழிகள் இருக்கின்றன. தம்பிக்குப் பதினைந்து வயது. நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவரை, "சும்மா பார்த்துடலாம்" என்று யார் சொன்னாலும் அவன் ரத்தத்தைக் கொடுக்காதீர்கள். பதினெட்டு முடிந்த பிறகு கேட்க வேண்டியதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

அப்பாவை அடுத்த தடவை அழைத்துப் போகும்போது எடை பார்க்கச் சொல். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல், விழுங்குவதில் சிக்கல் தொடங்கினால் அதற்கென்று தனியாக ஒருவரைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா