அம்மாவின் காரியத்தில் கைகொடுத்தவர்களுக்கு

சொந்தங்களுக்கும், டர்பன் சாட்ஸ்வர்த் தெருக்காரர்களுக்கும், கோயில் பஜனைக் குழுவினருக்கும், பெயர்கூடத் தெரியாத சிலருக்கும் வணக்கம்.

எங்கள் அம்மா 2020 ஜூலை 14, செவ்வாய் இரவு கொரோனாவில் காலமானார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில் ஒரு நாளும் எங்களை உள்ளே விடவில்லை. வார்டுக்கு போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தாலும் "அப்படியேதான் இருக்கிறார்" என்ற ஒரே பதில். ஒருநாள் அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக இருந்தோம். அம்மாவை அன்று காலையே வேறு வார்டுக்கு மாற்றியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இரவு ஷிப்டு நர்ஸ் ஒருவர் தன் சொந்தப் போனிலிருந்து அழைத்தார். ஜூலுக்காரப் பெண். அம்மாவை "கோகோ" என்றுதான் கூப்பிட்டார், அவர்கள் பாஷையில் பாட்டி. "கோகோ இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். கால் குளிர்கிறது என்றார், இன்னொரு போர்வை போட்டேன்." இவ்வளவுதான். என்ன கிழமை என்று அம்மா கேட்டது விரதத்துக்காக. அது எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னார். கடைசி இரவில் போனை அம்மா காதோரம் பிடித்துக்கொண்டார். நான் தேவாரம் பாடினேன், பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. "நிறுத்தாதே, விரலை அசைக்கிறார்" என்றார். தாயே, உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. முகக்கவசம் இல்லாமல் நின்றால் இன்றும் அடையாளம் தெரியாது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புடவை கட்டிவிடுவது பெண்பிள்ளைகள் செய்கிற வேலை. மூடிய பைக்குள் இருப்பவருக்கு எதைக் கட்டுவது? அண்டர்டேக்கரிடம் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அக்கா, பையைத் திறக்க முடியாது, ஆனால் மேலே விரிக்கலாம், கொடுங்கள்" என்றார். அம்மாவின் அரக்குப் புடவையும், மஞ்சளும் துளசியும் முடிந்த ஒரு சின்னத் துணி முடிச்சும் கொடுத்தேன். முந்தானை எந்தத் தோளில் வரவேண்டும் என்று போனில் கேட்டுக் கேட்டு விரித்தார். பெட்டியை மூடுமுன் ஒரு படம் அனுப்பினார். பலர் அந்தப் படத்தைக் கேட்டீர்கள், தர மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

அண்ணன் ஜோகன்னஸ்பர்க்கில். அப்போது மாகாணம் தாண்ட போலீஸ் நிலைய அனுமதி வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ் வர நாளாகும். சான்றிதழ் இல்லாவிட்டாலும் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாம் என்று சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா. எப்படி எழுதவேண்டும் என்று வாட்ஸப்பில் வரி வரியாகச் சொன்னார். இரவு ஊரடங்கு என்பதால் அண்ணன் வியாழன் காலை நாலு மணிக்குத்தான் கிளம்பினான். க்ளேர் எஸ்டேட் தகனக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் நேரத்துக்கு இருபது நிமிடம் பாக்கி.

ஐம்பது பேர் வரலாம் என்றது சட்டம், நாங்கள் பதினாலு பேர்தான் போனோம். வாய்க்கரிசியை எப்படிப் போடுவது என்று தயங்கி நின்றபோது ஐயர், "வாய் இருக்கும் இடம் தெரியுமே, பெட்டி மேலேயே போடுங்கள்" என்றார். அரிசி பலகையில் விழுகிற சத்தம் இருக்கிறதே, அது வேறு சத்தம். பேரப்பிள்ளைகளுக்கு நெய்ப்பந்தம் இல்லை. வாசலில் இடைவெளி விட்டு நின்று, உள்ளே வராமலே பாடின பஜனைக் குழுவின் குரல் மட்டும் கேட்டது.

அஸ்தியை உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் கரைப்பதுதான் எங்கள் வழக்கம். கடற்கரை பூட்டியிருந்தது. கிட்டத்தட்ட ஐந்து வாரம் அண்டர்டேக்கரின் அலமாரியில் இருந்தார்கள் அம்மா. வாடகை கேட்கவில்லை, சாம்பிராணி ஏற்றிவைத்தார்களாம். ஆகஸ்டில் தடை தளர்ந்ததும் 23ஆம் தேதி ஞாயிறு விடிகாலை கரைத்தோம். பதினாறாம் நாள் கருமாதியை வீட்டுக்குள்ளேயே ஐந்து பேராக முடித்திருந்தோம்.

ஆறுதல் எழுதின எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்லலாமா? "கஷ்டப்படாமல் போய்விட்டார்கள்" என்று எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். ஆனால் அது எங்களுக்கே தெரியாத விஷயம், படிக்கும்போது குத்தியது. "உங்கள் அம்மா எனக்கு ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டக் கற்றுக்கொடுத்தார், கொட்டையோடு சேர்த்து வெட்டணும் என்று திட்டினார்" என்று எழுதினீர்களே ஒருவர், அதை நாலைந்து முறை படித்துவிட்டேன்.

பதினாறு நாளும் கேட்டில் பருப்பும் சோறும் கீரையும் தொங்கவிட்டுப் போனவர்களே, உங்கள் பாத்திரங்கள் கழுவி முன்வாசல் பெஞ்சில் இருக்கின்றன. மூடியில் பேர் எழுதாதவை ஏழு. அந்த நீல மூடி டப்பா யாருடையது?

அன்புடன்,
மகளும் மகனும்