முதுகுவலிக்கு யோகாவா, ஜிம்மா, நடையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்களின் கீழ்முதுகு வலிக்கு யோகாவே சிறந்தது என்று தங்கள் இதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளிவந்த கட்டுரையையும், அதை மறுத்து ஜிம் பயிற்சிக்கு ஆதரவாக அடுத்த இதழில் வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். இத்தகைய வலியோடு வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு எழுத்துகளுமே, வலி இருக்கும்போது எது அதைத் தணிக்கிறது என்பதைப் பற்றியே பேசுகின்றன. ஆனால், விட்டுவிட்டு வரும் முதுகுவலி ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது; அந்த நாட்களில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்கே போய்ச் சேரும். ஆகவே, வலி அடங்கிய பிறகு அடுத்த முறை வருவதை எது தள்ளிப்போடுகிறது என்று கேட்பதே பயனுள்ளது.

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வுகளில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தினர் நடத்தி, 2024இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டதாகும். முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலோடு படிப்படியாகக் கூடும் நடைப்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் ஆறு மாதங்கள் தந்தார்கள். அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி மீண்டும் வர, நடந்தவர்களுக்கு இடைநிலைக் கணக்கில் 208 நாட்களும் மற்றவர்களுக்கு 112 நாட்களும் ஆயின. ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது: இந்த ஆய்வு நடையை எதுவுமே செய்யாமல் இருப்பதோடுதான் ஒப்பிட்டது, யோகாவோடும் ஜிம்மோடும் ஒப்பிடவில்லை. நடந்தவர்களிடம் கால் சார்ந்த உபாதைகள் அதிகமாகவும் இருந்தன. எனவே நடையே மற்ற இரண்டையும் வென்றது என்று நான் சொல்லவில்லை. செலவில்லாமல், இடம் தேடாமல், அலுவலகம் செல்பவரால் மாதக்கணக்கில் விடாமல் செய்யக்கூடியது என்பதாலேயே அதை அடித்தளமாக வைக்கச் சொல்கிறேன்.

யோகாவைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. பாஸ்டன் நகரில் 320 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், நாட்பட்ட முதுகுவலிக்கு இயன்முறைச் சிகிச்சை தந்த பலனுக்கு யோகா தந்த பலன் குறைந்ததாக இல்லை. ஆனால் அங்கே கற்பிக்கப்பட்டது முதுகுவலிக்காரர்களுக்கென்றே அமைத்த மென்மையான பாடத்திட்டம். நம் ஊரில் பலர் சேர்வதோ விடியற்காலைப் பொது வகுப்பில். இரவு முழுவதும் படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மீதும் அவற்றைச் சுற்றியுள்ள தசைநார்கள் மீதும் விழும் சுமை பகலைவிடக் கூடுதலாகும். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கப் பழகியவர்களுக்கு வலி குறைந்ததாக அமெரிக்காவில் 1998இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. குனிந்தால் வலிக்கும் ஒருவர் விடியற்காலையில் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தானாசனமும் செய்துவிட்டு, யோகா தனக்கு ஒத்துவரவில்லை என்று என்னிடம் வரும்போது, ஆசனத்தையும் நேரத்தையும் மாற்றினாலே போதுமானதாக இருக்கிறது.

அண்மையில் என்னிடம் வந்தவர் ஒருவரின் நிலையைச் சொன்னால் இது தெளிவாகும். அவர் நாற்பதைத் தாண்டிய கணக்காளர். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வலி வந்து, ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டுப் போகும். பல் துலக்கக் குனியும்போதும், நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் வலிக்கும், நடந்தால் தணியும், காலுக்கு வலி இறங்குவதில்லை. இது குனிவதால் கூடும் வலி என்பது இதிலிருந்தே தெரிகிறது.

வலி அடங்கியதும் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று நடையைத் தொடங்கச் சொன்னேன். பேச முடிய வேண்டும், ஆனால் மூச்சு சற்று வாங்க வேண்டும். வேகத்துக்கு அதுவே அளவு. வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டி, வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு முப்பது நிமிடம் என்ற நிலைக்குச் சில மாதங்களில் வருவதே இலக்கு. யோகாவை மாலைக்கு மாற்றி, முதுகைப் பின்னோக்கி வளைக்கும் புஜங்காசனம், சலபாசனம், சேதுபந்தாசனம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, முன்குனியும் ஆசனங்களைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவைத்தோம்.

இரண்டாம் மாதத்தில்தான் ஜிம். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து மடங்குவதை, முதுகோடு ஒரு கம்பை வைத்து முதலில் பழக வேண்டும். தலையின் பின்புறம், தோள்களின் நடு, இடுப்பின் பின்புறம் என மூன்று இடங்களிலும் கம்பு ஒட்டியிருக்கும்வரை குனியலாம்; ஏதேனும் ஓரிடத்தில் விலகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இது கைவந்த பிறகே எடை. பத்துப் பன்னிரண்டு முறை தூக்கிய பின்னும் இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்று தோன்றும் எடையே போதும். சிட்-அப்பையும், இடுப்பு இருக்கையை விட்டு எழும்பும் அளவுக்கு முழங்காலை மடக்கிச் செய்யும் லெக் பிரஸ்ஸையும் தவிர்க்கச் சொன்னேன், ஏனெனில் இரண்டுமே கீழ்முதுகை மீண்டும் மீண்டும் சுமையோடு வளைக்கின்றன. நடை தராத ஒன்றை, அதாவது வீட்டில் கேஸ் சிலிண்டரையோ அலுவலகத்தில் கோப்புக் கட்டையோ தூக்கும் வலுவை, ஜிம்தான் தரும்.

அளவு மிஞ்சியதா என்பதை மறுநாள் காலை சொல்லிவிடும். பயிற்சிக்குப் பின் தோன்றிய வலி ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அதே அளவில் தொடரலாம். திரும்பாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். வலி முதுகிலிருந்து தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கினால், எந்தப் பயிற்சியால் அப்படி ஆனதோ அதை நிறுத்த வேண்டும். காலில் இருந்த வலி விலகி முதுகின் நடுவில் மட்டும் நிற்கிறது என்றால், முதுகில் சற்றுக் கூடியதுபோல் தோன்றினாலும் அது பெரும்பாலும் நல்ல அறிகுறியே.

இதே திட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சிலருக்கு நின்றாலும் நடந்தாலும் கால்கள் கனத்து வலிக்கும், அமர்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ தணியும். தண்டுவடப் பாதை குறுகியிருப்பதால் இது நேரலாம். அவர்களுக்குப் புஜங்காசனம் வலியைக் கூட்டும். நிலையான சைக்கிளும், இடையிடையே அமர்ந்தெழும் குறுகிய நடையும் அவர்களுக்கு ஏற்றவை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி முதுகுவலிக்கான ஆசனப் படங்களை வெளியிடும்போது, குனிந்தால் கூடும் வலிக்கு உரியது எது, நிமிர்ந்தால் கூடும் வலிக்கு உரியது எது என்று ஒவ்வொரு படத்தின் கீழும் குறிப்பிடுங்கள். சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை, தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் எந்தப் பயிற்சியும் செய்யாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும், காய்ச்சலோடோ காரணமற்ற எடை இழப்போடோ வரும் முதுகுவலியை மருத்துவரிடம் காட்டிய பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தின் மேலேயே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.