மிஞ்சிய மாவில் பணியாரம்

கொடைக்கானல்

அன்புள்ள தனம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்று படித்ததில் சந்தோஷம். அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இங்கே மழை விட்டபாடில்லை. துணியும் காய்வதில்லை, மாவும் புளிப்பதில்லை.

சரி, பணியாரத்துக்கு வருகிறேன். மேலே கருகிவிடுகிறது, உள்ளே பச்சை மாவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மிஞ்சிய இட்லி மாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுகிறாய் போல. சில்லென்ற மாவில் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் அடி தீய்ந்துவிடும். மதுரை வெயிலுக்கு ஒரு மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். எங்கள் குளிரில் அது நடக்காது. அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுச் சட்டியை வைத்துவிடுவேன். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரத் தொடங்கினால் மாவு தயார்.

இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு கை சின்ன வெங்காயம் கணக்கு. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கு. பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு மாவு இளகிவிடும், பணியாரம் அமுங்கிப்போகும். வதக்கியது நன்றாக ஆறியபின் மாவில் சேர்த்து இரண்டு தடவை புரட்டினால் போதும். அடித்துக் கலக்கினால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். மாவு தோசைப் பதத்துக்கு இளகியிருந்தால் ஒரு கரண்டி அரிசி மாவு சேர். அதற்கு மேல் போட்டால் ஆறியதும் கல்லாகிவிடும். ரொம்பப் புளித்த மாவு சரியாகச் சிவக்காது, அதற்கு ஒரு சிட்டிகை சர்க்கரை.

இனி அடுப்பு. இரும்புப் பணியாரக்கல்லை நன்றாகக் காயவிட்டுத் தீயைக் குறைத்துக்கொள். குழிக்கு அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, முக்கால் குழி அளவுக்கு மாவு ஊற்றி மூடு. ஊற்றும்போது மெல்லிய 'சுர்' வர வேண்டும். படபடவென்று பொரிந்தால் சூடு அதிகம். ஓரம் வெந்து, மேலே பொட்டுப் பொட்டாகத் துளை விழுந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது குச்சியால் திருப்பு. அந்த ஈரம்தான் கீழே இறங்கி அடுத்த பாதியை உருண்டையாக்கும். முழுக்க வெந்தபின் திருப்பினால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். திருப்பிய பிறகு மூடாதே, மொறுமொறுப்பு போய்விடும். குச்சியை நடுவில் விட்டுப் பார், மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

தொட்டுக்கொள்ள எங்கள் மலைப்பூண்டுச் சட்னிதான். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. உனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், வரும்போது செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி வா. ஸ்வெட்டரையும் மறந்துவிடாதே.

அன்புடன்,
விசாலம்